சிங்கம் இருந்தால் துர்க்கையா? சிதறால் அம்பிகா புடைப்புச் சிற்பம் குறித்து

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள சிதறால் மலையை ஊர்க்காரர்கள் பகவதி கோயில் என்றே சொல்கிறார்கள். கருவறையில் இன்று பகவதி வழிபாடும் நடக்கிறது. வெளிப் பாறையில் சமண குருமார்களான தீர்த்தங்கரர் வரிசையோடு ஒரு பெண் உருவம் நிற்கிறது. பக்கத்தில் சிங்கம். துர்க்கை என்று பலரும் கும்பிட்டுவிட்டுப் போவதில் வியப்பில்லை. ஆனால் இது தீர்த்தங்கரர் நேமிநாதரின் காவல் தெய்வமான யட்சி அம்பிகா. அப்படிச் சொல்ல, சிற்பத்திலேயே ஆதாரம் இருக்கிறது.

முதலில் சிங்கத்தைத் துர்க்கையின் சிங்கத்தோடு ஒப்பிடலாம். மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் அவள் சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை வளைக்கிறாள்; சிங்கமும் போரில்தான் இருக்கிறது. சிதறாலில் போரும் இல்லை, அசுரனும் இல்லை. சிங்கத்தோடு இருப்பவர்கள் இரண்டு சிறுவர்கள். முடிவைச் சொல்வது இந்தப் பிள்ளைகள்தான். சமணக் கதைப்படி அம்பிகா இரண்டு ஆண்பிள்ளைகளின் தாய். முனிவருக்கு உணவிட்டதால் கணவனால் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவள். அவள் யட்சியானபின் அந்தக் கணவனே சிங்கமாகி அவளுக்கு வாகனமாகிறான். ஆக, பாறையில் நிற்பது ஒரு குடும்பம். துர்க்கையின் படிமத்தில் இதற்கு இடமே கிடையாது.

கைப்பொருளை மட்டும் நம்பித் தெய்வத்தை அடையாளம் காண்பதை நான் ஏற்கவில்லை. காற்றும் மழையும் பட்ட பாறையில் கைகள்தான் முதலில் தேயும். வாகனம், உடனிருப்போர், பக்கத்துச் சிற்பம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே பக்கத்துச் சிற்பங்கள் சமணத்தின் பக்கமே பேசுகின்றன: பாம்புப் படம் குடைபிடிக்கும் பார்சுவநாதர் அதே பாறையில் இருக்கிறார். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு, குணந்தாங்கி குரத்தியார் என்ற சமணப் பெண்துறவி இந்த மலையின் பழைய பெயரான திருச்சாரணத்தின் தேவி பட்டாரியாருக்குப் பொன் அணிகள் அளித்ததைச் சொல்கிறது. அந்தக் காலத்திலேயே இந்த மலையில் ஒரு தேவியை ஒரு பெண்துறவியே போற்றியிருக்கிறாள் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

அப்புறம், மாவட்டத்தின் தென்முனையில் இருக்கும் கன்னியாகுமரி பகவதியை இவளோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அவள் கையில் ஜபமாலை. தவக் கன்னி, பிள்ளையில்லாதவள், கிழக்கே கடலைப் பார்த்து நிற்பவள். சிதறால் தேவியோ தாய். பகவதி என்ற ஒரே பெயருக்குள் தாயும் கன்னியும் சேர்ந்ததால், மாவட்டத்துத் தேவி உருவங்களைப் பெயரை வைத்து வகைப்படுத்துவது தவறான அட்டவணையையே தரும். நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களிலும் பாம்புப் படத்தின் கீழ் பார்சுவநாதரின் யட்சி பத்மாவதி இருக்கிறாள். அவளை நாகதேவதை என்று மட்டும் பதிவுசெய்யும் முன் அருகே நிற்கும் பார்சுவநாதரையும் மகாவீரரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.