சித்திரைத் திருவிழா லைவ் வேலை: டைம்ஷீட்டும் பில்லும், மே 8 – 19, 2025

பில் நம்பர் 14 / 2025-26
தேதி: 20.05.2025
வேலை: லைவ் ஸ்விட்சிங், கிளிப் எடிட்டிங், ஹைலைட் வீடியோ
இடம்: கோரிப்பாளையம் ஆபீஸ், ஆழ்வார்புரம் மொட்டமாடி, கொஞ்சம் வீட்ல இருந்து
ரேட்: பகல் மணிக்கு 450 ரூபா (நிமிஷத்துக்கு 7.50), ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 வரைக்கும் மணிக்கு 600 (நிமிஷத்துக்கு 10)

அண்ணே, வணக்கம். பில்லு கீழ இருக்கு. போன்ல நீங்க கேட்டதுக்கெல்லாம் இதுலயே பதில் எழுதிட்டேன், ஆடிட்டர் ஆபீஸ்ல கேட்டாலும் இதையே அப்படியே அனுப்பி விட்ருங்க. நேரமெல்லாம் 24 மணிக் கணக்குலதான் போட்ருக்கேன், ஏன்னா 12.25னு சும்மா எழுதுனா அது மதியமா நடுராத்திரியான்னு அடுத்த மாசம் நமக்கே சந்தேகம் வந்துரும்.

| தேதி | வேலை | இன் | அவுட் | கழிச்ச இடைவேளை | பகல் நிமிஷம் | ராத்திரி நிமிஷம் | ரூபா |
|---|---|---|---|---|---|---|---|
| 8 வியாழன் | திருக்கல்யாணம் | 05:30 | 11:45 | 25 | 320 | 30 | 2,700.00 |
| 9 வெள்ளி | தேரோட்டம் | 05:10 | 13:20 | 30 | 410 | 50 | 3,575.00 |
| 10 சனி | அழகர் மலையில இருந்து புறப்பாடு | 16:30 | 00:25 | 35 | 295 | 145 | 3,662.50 |
| 11 ஞாயிறு | ராத்திரி லைவ், விடிய ஆத்துல இறங்குறது | 21:40 | 10:15 | 70 | 245 | 440 | 6,237.50 |
| 12 திங்கள் | வீட்ல கிளிப் வெட்டுனது | 19:00 | 23:30 | 0 | 180 | 90 | 2,250.00 |
| 13 செவ்வாய் | தசாவதாரம், ராமராயர் மண்டபம் | 22:50 | 05:35 | 25 | 0 | 380 | 3,800.00 |
| 14 புதன் | பூப்பல்லக்கு, தல்லாகுளம் | 23:30 | 04:10 | 0 | 0 | 280 | 2,800.00 |
| 17 சனி | ஹைலைட் எடிட் | 10:00 | 18:45 | 45 | 480 | 0 | 3,600.00 |
| 18 ஞாயிறு | முதல் திருத்தம் | 11:15 | 12:55 | 0 | ஃப்ரீ | ஃப்ரீ | 0.00 |
| 19 திங்கள் | ரெண்டாவது திருத்தம் | 15:05 | 17:20 | 0 | 135 | 0 | 1,012.50 |
| மொத்தம் | | | | | 2,065 | 1,415 | 29,637.50 |

பகல் 2,065 நிமிஷம்னா 34 மணி 25 நிமிஷம், ராத்திரி 1,415 நிமிஷம்னா 23 மணி 35 நிமிஷம், ரெண்டையும் கூட்டுனா சரியா 58 மணி நேரம் வருது. நான் வேணும்னு அப்படி வர வைக்கல, கூட்டுனா அப்படித்தான் நிக்குது.

மொதல்ல அந்த 11ஆம் தேதி வரி. "ஞாயித்துக்கெழம ராத்திரி ஒம்பதே முக்காலுக்குத்தானே தம்பி வந்த, ஒரு நாளைல பதினோரு மணி நேரத்துக்கு மேல எப்படி வரும்"னு கேட்டீங்கல்ல. ராத்திரி வேலைய எந்தத் தேதில உள்ள வந்தேனோ அந்தத் தேதிலதான் எழுதுறது, நடுவுல 12 மணி அடிச்சுருச்சுன்னு ரெண்டா ஒடைச்சு எழுதுறதில்ல. அதனால திங்கக்கெழம காலைல பத்தே காலுக்கு நான் கெளம்புனது வரைக்கும் ஞாயித்துக்கெழம வரிலயே இருக்கு. 21:40ல இருந்து நடுராத்திரி வரைக்கும் 140 நிமிஷம், அதுக்கப்புறம் 10:15 வரைக்கும் 615, ஆக 755. அதுல ராத்திரி 1:10ல இருந்து 1:50 வரைக்கும் சாப்பிடப் போனது 40, காலைல 7:45ல இருந்து 8:15 வரைக்கும் டிபன் 30, ரெண்டையும் கழிச்சா 685. இந்த 685ஐத்தான் பகல் ராத்திரின்னு பிரிச்சுருக்கேன். 22:00க்கு முன்னாடி 20 நிமிஷம் பகல் ரேட்டு, 22:00ல இருந்து 06:00 வரைக்கும் 480ல சாப்பாட்ட கழிச்சு 440 ராத்திரி ரேட்டு, 06:00க்கு மேல 255ல டிபன கழிச்சு 225, மறுபடி பகல் ரேட்டு. அழகர் ஆத்துல இறங்குறதும் ஆறு மணி வாக்குல, என் ராத்திரி ரேட்டு முடியறதும் ஆறு மணி, அதனால கூட்டம் அள்ளுற நேரத்துல பாதி உங்களுக்குப் பகல் ரேட்டுலயே கெடச்சுருக்கு.

12ஆம் தேதிய தனி வரியா போட்டது ஏன்னா காலைல 10:15க்கு அவுட் ஆயி வீட்டுக்குப் போய்த் தூங்கி எந்திரிச்சு, சாயங்காலம் 7 மணிக்கு நீங்க கேட்ட சின்ன கிளிப்புகள வெட்ட உக்காந்தேன். நடுவுல இருக்க தூக்கத்துக்கு யாரும் காசு கேக்கல! ஒரே நாள்ல ரெண்டு தடவ இன் அவுட் ஆனா ரெண்டு வரிதான், அத ஒண்ணா சேத்து இன் 21:40 அவுட் 23:30னு எழுதுனா ஷீட்டு அத வெறும் ரெண்டு மணி நேர வேலைன்னு நெனச்சுக்கும்.

இப்ப ஷீட்டோட ஃபார்முலா. கூகுள் ஷீட்ஸ்ல B இன், C அவுட், D பகல் இடைவேளை நிமிஷம், E ராத்திரி இடைவேளை நிமிஷம். அவுட்ல இருந்து இன்ன சும்மா கழிச்சா பகல் வேலைக்குச் சரியா வரும், ஆனா 21:40க்கு வந்து 10:15க்கு போனதுக்கு மைனஸ்ல போயிரும், அதுக்குத்தான் MOD.

```
F2: =ROUND(B2*1440,0)
G2: =F2+ROUND(MOD(C2-B2,1)*1440,0)
H2: =MAX(0,MIN(G2,360)-F2)+MAX(0,MIN(G2,1800)-MAX(F2,1320))
I2: =H2-E2
J2: =G2-F2-H2-D2
K2: =I2*10+J2*7.5
```

1440ங்குறது ஒரு நாளைக்கு இருக்க நிமிஷம். 360னா காலைல 6 மணி, 1320னா ராத்திரி 10 மணி, 1800னா மறுநாள் காலைல 6 மணி. F இன் டைம நிமிஷமா மாத்துது, G அதுக்கு மேல வேலை பாத்த நேரத்தக் கூட்டுது, நடுராத்திரிய தாண்டுனா அது 1440க்கு மேல போகும், போகட்டும், தப்பில்ல. H தான் ராத்திரி நேரத்துக்குள்ள எவ்ளோ விழுகுதுன்னு புடிக்குது, அதுல மொதல் பாதி திருக்கல்யாணம் மாதிரி விடியுறதுக்கு முன்னாடி வர்ற நாளுக்கு, ரெண்டாவது பாதி ராத்திரி முழுக்க ஓடுற நாளுக்கு. I ராத்திரி பில் நிமிஷம், J பகல் பில் நிமிஷம்.

இதுல ஒரு வம்பு இருக்கு, அதையும் சொல்லிடறேன். MOD போட்டா எப்பவுமே மைனஸ் வராது, அதனால யாராவது நேரத்த மாத்தி அடிச்சுட்டா ஷீட்டு கத்தாது. இன் 22:50, அவுட் 22:05னு விழுந்துச்சுன்னா அது பாட்டுக்கு 23 மணி 15 நிமிஷம்னு காட்டிட்டு கம்முன்னு உக்காந்திருக்கும். அதுனால 840 நிமிஷத்துக்கு மேல, அதாவது 14 மணி நேரத்துக்கு மேல போற வரி செவப்பா மாறுற மாதிரி வச்சுருக்கேன். இந்த பில்லுல ஒரு வரியும் செவக்கல.

நிமிஷத்துலயே ஏன் கணக்கு, மணிலயே போட்டா என்னன்னும் கேட்டீங்க. 34 மணி 25 நிமிஷத்த 34.25னு அடிச்சு 450ஆல பெருக்குனா 15,412.50தான் வரும், 75 ரூபா அடி வாங்கும், ஏன்னா 25 நிமிஷம்ங்குறது கால் மணி இல்ல, 0.4166னு போயிட்டே இருக்கும். சரி 34.42னு சுருக்கிப் போட்டா 15,489 வருது, ஒன்ர ரூபா கூட. ராத்திரிய 23.58னு போட்டா 14,148, ரெண்டு ரூபா கம்மி. ஆடிட்டர் ஆபீஸ் தம்பி கால்குலேட்டர்ல தட்டிட்டு இந்த ஒன்ர ரூபாய்க்குத்தான் எனக்கு போன் போடுவாரு. நிமிஷத்த நிமிஷமாவே 7.50ஆலயும் 10ஆலயும் பெருக்குனா யாரு தட்டுனாலும் ஒரே காசு.

இடைவேளைல எத கழிச்சேன், எத கழிக்கலன்னா, 20 நிமிஷத்துக்கு மேல எந்திரிச்சுப் போனது எல்லாம் கழிச்சாச்சு, டீ குடிக்கப் போனது கழிக்கல. பூப்பல்லக்கு அன்னைக்கு நடுவுல எந்திரிக்கவே இல்ல, அதான் சைபர். போக்குவரத்து நேரமும் பில்லுல இல்ல. ஆனா 13ஆம் தேதி ராத்திரி 3:40ல இருந்து 4:05 வரைக்கும் ஆபீஸ் நெட்டு செத்துப் போயி சும்மா உக்காந்திருந்தோம்ல, அந்த 25 நிமிஷம் பில்லுல இருக்கு, இருக்கணும்ணே, மேல அந்த வரில கழிச்ச 25 வேற. சீட்ட விட்டு நான் நகரல, நெட்டு வந்த உடனே லைவ்வ ஏத்தியாகணும். காத்துக்கிட்டு இருக்கறதும் வேலைதான்னு மொதல்லயே பேசிக்கிட்டது.

திருத்தம் மொதல் தடவ ஃப்ரீ, அதனால 18ஆம் தேதி 100 நிமிஷத்துக்கு காசு போடல, ஆனாலும் நேரத்த எழுதி வச்சுருக்கேன், எவ்ளோ நேரம் புடிச்சுச்சுன்னு ரெண்டு பேருக்கும் தெரியணும்ல. 19ஆம் தேதி நீங்க பாட்ட மாத்தச் சொன்னதும் தசாவதாரத்த முன்னாடி கொண்டுவரச் சொன்னதும் ரெண்டாவது தடவ.

வேலைக்கூலி: 29,637.50
டேட்டா ரீசார்ஜ், ரெண்டு சிம்: 640.00
ஆட்டோ, 12ஆம் தேதி காலைல ஆழ்வார்புரத்துல இருந்து சாமானோட: 260.00
மொத்தம்: 30,537.50
மே 6ஆம் தேதி தந்த அட்வான்ஸ்: 8,000.00
பாக்கி: 22,537.50
காசு விட்டது: 0.50
தர வேண்டியது: 22,537.00

எழுத்தால்: இருபத்திரண்டாயிரத்து ஐநூற்று முப்பத்தேழு ரூபாய் மட்டும்.

ரீசார்ஜ் ஸ்க்ரீன்ஷாட் ரெண்டும் வாட்ஸப்ல போட்டுட்டேன். ரெண்டு கம்பெனி சிம் எதுக்குன்னா, ஆத்துக்குள்ள அவ்ளோ சனம் போன தூக்கிக்கிட்டு நிக்கையில எந்த டவர் மூச்சு விடும்னு முன்கூட்டி சொல்ல முடியாது, ஒண்ணு படுத்தா இன்னொண்ணு. ஆட்டோவுக்கு ரசீதெல்லாம் கெடையாதுண்ணே, அன்னைக்கு அந்தப் பக்கம் வண்டி கெடச்சதே பெருசு.

ஜிஎஸ்டி போடல, என் வருஷ வரவு 20 லட்சத்துக்கு ரொம்பக் கீழ, நான் பதிவும் பண்ணல, அதனால வரி நம்பர் கேக்க வேணாம்னு சொல்லிருங்க. டிடிஎஸ்ஸும் இதுல புடிக்க வேண்டியதில்ல, 194ஜேல புடிக்கறதுக்கு வருஷத்துக்கு 50,000 தாண்டணும், 2025 ஏப்ரல்ல இருந்துதான் அது 30,000ல இருந்து 50,000 ஆச்சு, இந்த நிதியாண்டுல நான் உங்களுக்குப் போடுற மொதல் பில்லே இதுதான். ஆடி மாசத் திருவிழாவுக்கும் நானே வந்து மொத்தமா 50,000 தாண்டுச்சுன்னா அப்ப புடிச்சுக்கங்க, பான் கார்டு காப்பி ஏற்கனவே உங்ககிட்ட இருக்கு.

பணம் ஜூன் 4ஆம் தேதிக்குள்ள, பழைய ஜிபே நம்பருக்கே. எந்த வரிலயாவது சந்தேகம்னா மே 25க்குள்ள சொல்லிருங்கண்ணே, ஆபீஸ் வாசல் கேமரால பதிவான நேரமும் என் ஷீட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துருவோம், அந்தப் பதிவு ரொம்ப நாள் நிக்காது, பழசு மேலயே புதுசு ஏறிரும்.