அம்மாச்சி போன பிறகு முனீஸ்வரிக்கு

ராமநாதபுரம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள முனீஸ்,

அன்றைக்கு உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றிலும் ஒப்பாரி, நடுவில் நீ கண்ணீர்கூட விடாமல் அம்மாச்சி காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். அப்போது என்ன சொன்னாலும் உன் காதில் விழுந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாச்சிக்கு முடியவில்லை என்று எனக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். பாம்பனுக்கு வந்திருந்தபோது பார்த்தேன். இருமல், கொஞ்சம் மூச்சு வாங்கல். "முனீசுக்குப் போன் போடவா" என்று கேட்டதற்கு, "வேண்டாம்டீ, புள்ள இப்பத்தான் வேலையில சேந்திருக்கு, லீவு கேட்டா என்ன நெனப்பாக" என்றது. சரி, சளிதானே என்று நானும் விட்டுவிட்டேன். வியாழன் ராத்திரி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், விடியும் முன்னே முடிந்துவிட்டது. நீ கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கடைசியாக ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க உனக்கு வாய்க்காமல் போனதில் என் பங்கும் இருக்கிறது. கோபப்பட வேண்டுமென்றால் என்மேல் படு. உன்மேல் வேண்டாம்.

அப்புறம் அந்த நெய்ப்பந்தம். அதை உன் கையில் கொடுத்தபோது ஒரு பெரியம்மா, "பேத்தி பந்தம் பிடிக்கப் போறது கல்யாணச் சாவு, அழக் கூடாது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊருக்கு அம்மாச்சி எழுபது தாண்டிய கிழவி. (ஆதாரில் எத்தனை வயதோ, கேட்டால் "தனுஷ்கோடி புயலப்ப எனக்குப் பத்து வயசு" என்று 1964-இலிருந்துதான் எண்ணும்.) ஆனால் உனக்கு அது பாட்டி சாவு இல்லையே, முனீஸ். நாலு வயதில் அம்மா போன பிறகு உனக்கு அம்மா என்றால் அதுதான். ஆபீஸில் "பாட்டிதானே" என்று யாராவது சொல்வார்கள். அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்காதே. அம்மா தவறிவிட்டார்கள் என்றே சொல். அதில் பொய் இல்லை.

எனக்கு நினைவில் நிற்பது ஒரு காட்சி. கடலில் பாசி எடுக்கப் போகிற நாள், இன்னும் இருட்டு விலகவில்லை. அம்மாச்சி பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றும், பாறை அறுக்காமல் இருக்க. இடது கைக்குத் தானே சுற்றிக்கொள்ளும். வலது கைக்கு நீ வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை, தூக்கம் கலையாமல், பாவாடையோடு குத்துக்காலிட்டு, முடிச்சைப் பல்லால் கடித்து இழுப்பாய். "இறுக்குடீ, கடல்ல அவுந்துரும்" என்று அது அதட்டும். நீ இறுக்கினால் "விரலு செத்துப்போச்சு" என்று அதற்கும் ஒரு திட்டு. மாதத்துக்கு 12 நாள்தான் பாசி எடுப்பது என்று பாசி எடுக்கிற பெண்களுக்குள் கட்டுப்பாடு உண்டல்லவா, அந்த நாட்களில் நீ எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பள்ளிக்கூடத்துக்கு எங்கம்மா தலை சீவிவிட்டால் சாயங்காலம் அம்மாச்சி வந்து அதை அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னும். விரல் வெடிப்பில் உன் முடி சிக்கிக்கொண்டு நீ கத்துவாய்.

அந்த விரல்தான் ரேஷன் கடை மெஷினிலும் பதியாது. நாலு தடவை வைத்தும் பதியாமல் போன ஒருநாள், "என் ரேகையெல்லாம் பாறையிலதான் கெடக்கு, அங்க போயி எடுத்துக்க" என்று அங்கே இருந்தவரிடம் சொன்னது. வரிசையே சிரித்தது. நீ வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாய். ஞாபகம் இருக்கிறதா?

அன்றைக்கு வீடு கழுவும்போது கொடியில் காய்ந்த அந்தத் துணிகளைக் குப்பையில் போடப் போனார்கள். இரண்டு வருஷமாக ஆழத்துக்குப் போவதில்லை, கரையில் ஒதுங்குவதை மட்டும்தான் பொறுக்கியது. ஆனாலும் சுற்றாமல் போகாது போலிருக்கிறது. நான் வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். எட்டுத் துணி இருந்தது. இன்னும் துவைக்கவில்லை, உப்பு வாசனை அப்படியே இருக்கிறது. உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று இப்போது சொல்ல வேண்டியதில்லை.

பதினாறாம் நாளுக்கு முந்தின நாளே வந்துவிடுவேன். சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று, அந்தக் கணக்கில் நீ தலையிடாதே, மாமாக்கள் பார்த்துக்கொள்வார்கள். பென்ஷன் பாஸ்புக், ரேஷன் கார்டு எதையும் அவசரப்பட்டு யாரிடமும் கொடுக்காதே, நான் வந்ததும் சேர்ந்து பார்ப்போம். கோழிகளை எங்கம்மா அடைத்து வைத்திருக்கிறது. கறுப்புக் கோழி மட்டும் சாயங்காலமானால் உங்கள் வாசலில்தான் போய் நிற்கிறதாம், கொஞ்சம் குருணை போடு.

ராத்திரி தூக்கம் வராவிட்டால் எத்தனை மணியானாலும் போன் செய். பேச வேண்டாம், சும்மா லைனில் இரு.

உன்
செல்வி அக்கா