மார்பு எக்ஸ்-ரே வாசிக்கும் வரிசை: இரவுப் பணிக்கு வரும் முதலாண்டு ரெசிடென்ட்களுக்கு

வாசிப்பு அறையில் திரைக்குப் பக்கத்திலேயே இதை ஒட்டி வையுங்கள். படத்தைத் திறந்தவுடன் பெரிய நிமோனியா ஒன்று கண்ணில் பட்டாலும் வரிசையை விட்டு விலகாதீர்கள். ஒன்றைக் கண்டுபிடித்த திருப்தியில் கண் தேடுவதை நிறுத்திவிடும். அதே படத்தில் இருக்கும் இரண்டாவது குறை தப்பிப்போவது பெரும்பாலும் அப்போதுதான்.

1. பெயர், தேதி, பக்கம்

பெயர், வயது, எடுத்த நேரம். அடுத்து இடது, வலது குறியீடு. இதய முனை, பெருநாடி வளைவு, இரைப்பைக் காற்று மூன்றும் குறியீட்டோடு ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகவில்லை என்றால் படம் திருப்பிப் பதிவாகியிருக்கலாம், அல்லது உறுப்புகளே இடம் மாறியிருக்கலாம். எது என்று எக்ஸ்-ரே எடுத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

பழைய படம் இருந்தால் இப்போதே பக்கத்தில் திறந்து வையுங்கள். ஒரு நிழல் புதியதா, ஐந்து ஆண்டுகளாக அப்படியே இருப்பதா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

2. படத்தின் தரம்

- பி.ஏ. படமா, ஏ.பி. படமா? ஏ.பி.யில் இதயம் பெரிதாகத் தெரியும். படுக்கையில் எடுத்த படத்தை வைத்து இதய வீக்கம் என்று எழுதாதீர்கள்.
- காறை எலும்புகளின் உள்முனைகள் இரண்டும் முதுகெலும்பு முள்நீட்சியிலிருந்து சம தூரத்தில் உள்ளனவா? உடல் திரும்பியிருந்தால் ஒரு பக்க நுரையீரல் கறுப்பாகவும் ஒரு ஹைலம் பெரிதாகவும் தோன்றும்.
- உதரவிதானத்துக்கு மேலே பின்விலா எலும்புகள் 9 அல்லது 10 எண்ண முடிகிறதா? மூச்சு போதாத படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கி வெளுத்து, நோய் போலவே தெரியும்.
- இதயத்தின் ஊடாக முதுகெலும்புகள் மங்கலாகவாவது தெரிகின்றனவா? தெரியாவிட்டால் இதயத்துக்குப் பின்னால் எதுவும் இல்லை என்று சொல்லும் தகுதி அந்தப் படத்துக்கு இல்லை.

3. குழாய்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வரும் படம் என்றால் அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சுவாசக் குழாயின் நுனி கரைனாவுக்கு மேலே ஏறக்குறைய 5 செ.மீ. இருக்க வேண்டும். தாடை தாழ்ந்திருந்தால் நுனி சுமார் 2 செ.மீ. கீழே இறங்கும், நிமிர்ந்திருந்தால் அதே அளவு மேலே ஏறும். எனவே தாடை எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

மூக்குவழி இரைப்பைக் குழாயை மேலிருந்து கீழ்வரை விரலால் தொடராத குறையாகத் தொடருங்கள். நடுக்கோட்டில் இறங்கி, கரைனாவைத் தாண்டி, உதரவிதானத்துக்குக் கீழே இடப்பக்கம் திரும்ப வேண்டும். நுனி படத்துக்குள் வரவில்லை என்றால் "நுனி தெரியவில்லை" என்றே எழுதுங்கள். சரியாக இருக்கும் என்று ஊகித்து எழுதக் கூடாது. அந்தக் குழாய் வழியாக உணவு போகப்போகிறது.

மையச் சிரைக் குழாய் இருந்தால் நுனி மேற்பெருஞ்சிரையின் கீழ்ப்பகுதியில், வலது மேலறையில் சேரும் இடத்தருகே இருக்க வேண்டும். செருகிய பக்கத்தில் நிமோதோராக்ஸ் இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

4. நடுப்பகுதி

மூச்சுக்குழல் நடுவில் இருக்க வேண்டும்; பெருநாடி வளைவருகே சற்று வலப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. அதன் வலது ஓரக் கோடு 4 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் காரணம் தேடுங்கள். பெருநாடிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடைப்பட்ட பள்ளம் உட்குழிந்திருக்க வேண்டும். வெளியே புடைத்திருந்தால் நிணநீர்க் கணுவை நினையுங்கள். பி.ஏ. படத்தில் இதயத்தின் அகலம் மார்புக்கூட்டின் அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

5. நுரையீரல்

மேல், நடு, கீழ் என்று பிரித்து, ஒவ்வொரு மட்டத்திலும் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஓரங்கள் எங்கே அழிகின்றன என்பதில் குறிப்பாகக் கவனம் வையுங்கள். வலது இதய ஓரம் மறைந்தால் நடுமடல், இடது இதய ஓரம் மறைந்தால் லிங்குலா, உதரவிதான ஓரம் மறைந்தால் கீழ்மடல். நிழல் மிக மெல்லியதாக இருக்கும்போது ஓரம் மறைவதுதான் ஒரே தடயமாக இருக்கும்.

6. ப்ளூரா, எலும்பு, மென்திசு

நின்று எடுத்த பி.ஏ. படத்தில் பக்கக் கோணம் மழுங்க ஏறக்குறைய 200 மி.லி. திரவம் வேண்டும். அதனால் கூர்மையான கோணத்தைப் பார்த்துத் திரவமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். விலா எலும்புகளை ஒவ்வொன்றாகப் பின்தொடருங்கள். மார்பக நிழல்கள் இரண்டும் உள்ளனவா? ஒன்று அகற்றப்பட்டிருந்தால் அந்தப் பக்க நுரையீரல் காரணமின்றிக் கறுத்துத் தெரியும்.

7. தவறவிடும் இடங்கள்: ரிப்போர்ட் தொடங்கும் முன் கட்டாயமாக மறுபடியும்

இந்தப் பகுதிக்காகத்தான் முழு வரிசையும். படம் இயல்பு என்று தோன்றினால் இங்கே இரட்டிப்பு நேரம் செலவிடுங்கள். ஒவ்வொரு இடத்தின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பாருங்கள்.

*நுரையீரல் உச்சி.* காறை எலும்பும் முதல் விலா எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம். உச்சிப் புற்றுநோய் இங்கே வெறும் சமச்சீரின்மையாக மட்டும் தெரியலாம். முதல் விலாக் குருத்தெலும்பின் சுண்ணாம்புப் படிவும் கட்டி போலவே தோன்றும். இரு பக்கத்தையும் ஒப்பிட்டும் சந்தேகம் தீரவில்லை என்றால் உச்சிக்கான தனிப் படம் கேளுங்கள். அந்தப் பகுதி விலா எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

*ஹைலம்.* இடது ஹைலம் வலதைவிடச் சற்று உயர்ந்தோ சமமாகவோ இருக்கும். வலது உயர்ந்திருந்தால் ஏதோ ஒன்று மேலே இழுக்கிறது, அல்லது இடது கீழே இழுக்கப்படுகிறது. அளவு ஒன்றாக இருந்தும் ஒரு பக்கம் அடர்ந்து வெளுத்திருந்தால், அதற்கு முன்னோ பின்னோ கட்டி இருக்கலாம்.

*இதயத்தின் பின்புறம்.* சாளரத்தை மாற்றி, வெளிச்சத்தைக் கூட்டி, கறுப்பு வெள்ளையைத் திருப்பிப் பாருங்கள். இடது கீழ்மடல் சுருங்கினால் இதய நிழலுக்குள் ஒரு முக்கோணமும், இதயத்துக்கு இரண்டு இடது ஓரங்கள் இருப்பது போன்ற தோற்றமும் வரும். உதரவிதானத்தின் உட்பாதி அழிந்துவிடும். இறங்குபெருநாடியின் ஓரத்தையும் தொடருங்கள். காற்றும் திரவமும் சேர்ந்த மட்டம் தெரிந்தால் ஹையாடஸ் ஹெர்னியாவாக இருக்கலாம்.

*உதரவிதானத்துக்குக் கீழே.* நுரையீரலின் கணிசமான பகுதி குவிமாடத்துக்குப் பின்னால் இறங்கிக் கிடக்கிறது. கல்லீரல் நிழலின் ஊடாகக் கட்டி தெரியலாம். நின்று எடுத்த படத்தில் வலது உதரவிதானத்துக்குக் கீழே மெல்லிய கறுப்புப் பிறை இருந்தால், குடல் ஓட்டை என்றே முதலில் நினையுங்கள். அந்தக் காற்றுக்குள் பெருங்குடல் மடிப்புகள் தெரிந்தால் அது கல்லீரலுக்கு மேலே ஏறிய குடல். இரைப்பைக் காற்று இடது உதரவிதானத்திலிருந்து வெகுவாக விலகியிருந்தால் நுரையீரலுக்கு அடியில் திரவம் தேங்கியிருக்கலாம்.

*படத்தின் விளிம்புகள்.* தோள் மூட்டு, மேற்கை எலும்பின் தலை, தோள்பட்டை எலும்பு, கழுத்தின் அடிப்பகுதி. தோலடியில் காற்று இருக்கிறதா?

*படுத்த நிலையில் நிமோதோராக்ஸ்.* காற்று உச்சியில் சேராது. முன்புறமும் அடியிலும் சேரும். ஒரு பக்கக் கோணம் மட்டும் ஆழமாக, மிகக் கறுப்பாக இறங்கியிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். தோல் மடிப்பும் கோடு போல ஏமாற்றும். அந்தக் கோடு மார்புக்கூட்டைத் தாண்டி ஓடும். அதற்கு வெளியேயும் இரத்தக்குழாய்கள் தெரியும்.

8. எழுதும் முன்

மருத்துவர் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டதா? முலைக்காம்பு நிழலா, கட்டியா என்ற ஐயம் இருந்தால் காம்பில் அடையாளம் வைத்து மறுபடம் எடுக்கச் சொல்லுங்கள். சி.டி. தேவை என்றால் எதைத் தேடி என்றும் சேர்த்து எழுதுங்கள்.

அழுத்த நிமோதோராக்ஸ், வயிற்றுக்குள் காற்று, மூச்சுக்குழலுக்குள் போன இரைப்பைக் குழாய்: இந்த மூன்றுக்கும் ரிப்போர்ட் தட்டச்சு செய்வதற்கு முன் தொலைபேசியை எடுங்கள். பேசியது யாரிடம், எத்தனை மணிக்கு என்பதை ரிப்போர்ட்டின் கடைசி வரியில் பதிவு செய்யுங்கள்.