சிலையின் முதுகு: இரண்டாம் பருவ நாட்குறிப்பு

ஜனவரி 18, எழும்பூர் அரசு அருங்காட்சியகம்

வெண்கலக் கூடத்தில் மூன்று மணி நேரம் இருந்தேன். சின்ன வயதில் பள்ளியிலிருந்து கூட்டி வந்தபோது ஓடிக்கொண்டே பார்த்த இடம். இன்று திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் மட்டும் முக்கால் மணி நேரம்.

முதலில் கண்ணில் பட்டது, இருப்பதல்ல, இல்லாதது. சுற்றியிருக்க வேண்டிய திருவாசி இல்லை. இரு பக்கமும் பறக்க வேண்டிய சடைகள் இல்லை. காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பார்த்துப் பழகிய நடராஜர் எப்போதும் நெருப்பு வளையத்துக்குள் இருப்பார். இங்கே வளையம் போய்விட்டதால் தூக்கிய காலும், அதற்கு மேலே குறுக்கே விழும் கையும் காற்றில் தனியாக நிற்கின்றன. வளையம் இருந்திருந்தால் அந்தக் கை இவ்வளவு நீளமாகத் தெரிந்திருக்குமா?

இன்றைய என் கருத்து, தயங்காமல் எழுதுகிறேன்: அருங்காட்சியகத்தில்தான் இந்தச் சிலைகளைப் பார்க்க முடிகிறது. கோயிலில் பட்டும் பூவும் நகையும் போர்த்தி, முகமும் பாதமும் மட்டும் தெரிய வைத்திருப்பார்கள். சிற்பி செய்த இடுப்பும் முழங்காலும் யாருக்கும் கிடைக்காது.

கூடத்தில் ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காவலர் அம்மா, "பாட்டி, இங்க செருப்பு போட்டுக்கலாம்" என்றார். பாட்டி, "உனக்குப் போட்டுக்கலாம்மா" என்றார். இதை ஏன் எழுதி வைக்கிறேன் என்று இப்போது தெரியவில்லை.

ஜனவரி 25, மறுபடியும் எழும்பூர்

வகுப்பில் ரோதேன் பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் பிரெஞ்சுச் சிற்பி இந்தத் திருவாலங்காட்டு நடராஜரைப் பற்றி உருகி எழுதியவர். அவர் இறந்து நான்கு வருடம் கழித்து 1921இல் அது அச்சாகியது. அவர் சென்னைக்கு வந்ததே இல்லை, புகைப்படங்களைப் பார்த்து எழுதினார். அதைக் கேட்டதும் ஒரு பக்கம் வியப்பு, ஒரு பக்கம் சந்தேகம். புகைப்படத்தில் எடை தெரியாது. சுற்றி வரவும் முடியாது.

அதனால் இன்று சுற்றி வந்தேன். வழி இருந்த இடத்தில் எல்லாம் சிலைகளின் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு பார்வதியின் பின்தலையில் சின்னச் சக்கரம் ஒன்று, சிரசுச் சக்கரம். அதற்குக் கீழே முடிச்சுருள்கள் தோள் வரைக்கும் வரிசையாக இறங்குகின்றன. ஒவ்வொரு சுருளிலும் தனித்தனியாகக் கோடு. இடுப்பாடையின் முடிச்சு பின்னால் எப்படி விழுகிறது என்பது வரைக்கும் செய்திருக்கிறார்கள். முதுகுத்தண்டின் பள்ளம் நடுவில் ஆழமாகத் தொடங்கி, இடுப்புக்கு வரும்போது மெல்ல மறைந்துபோகிறது. விரலால் ஒரு முறை வருடி எடுத்த மாதிரி இருந்தது.

கருவறையிலோ மண்டபத்திலோ நிற்பவருக்கு இந்த முதுகு தெரியாது. உற்சவத்தில் மாலை மறைத்துவிடும். அப்படியென்றால் யாருக்காக?

பிறகு தேட: எல்லாச் சோழர்காலச் செப்புத் திருமேனிகளுக்கும் பின்புறம் இப்படித்தானா, இல்லை சிலவற்றுக்கு மட்டுமா? விஜயநகர, நாயக்கர் காலத்தில் என்ன ஆகிறது?

பிப்ரவரி 8, சோழமண்டலம், ஈஞ்சம்பாக்கம்

கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய ஓவியர் கிராமம், 1966இலிருந்து இருக்கிறது. கலைஞர்கள் பாத்திக் துணி செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். அந்தக் கதைக்காகவே இந்த இடம் பிடிக்கும்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை எனக்குப் பிடிக்காமல் இருந்தது. படிக்க முடியாத எழுத்தை எதற்குப் படம் முழுக்க எழுத வேண்டும் என்று போன வருடம் தேர்வுத்தாளிலேயே எழுதியிருக்கிறேன். இன்று பக்கத்தில் நின்று பார்த்தபோது அம்மாவின் பெட்டியில் இருக்கும் பழைய ஜாதகக் கட்டம் ஞாபகம் வந்தது. அதையும் நான் படித்ததில்லை. ஆனால் அது என்னைப் பற்றியது என்று தெரியும், அதனால் மரியாதை இருக்கிறது. போன வருடக் கருத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

உலோகத் தகட்டுச் சிற்பங்களில் பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் இருவருடையதையும் முதுகுப்பக்கம் போய்ப் பார்த்தேன் (இனி எங்கு போனாலும் இது வழக்கமாகிவிடும் போல). அவை முகப்புக்கென்றே செய்தவை, கோயிலில் சாமி முன் நிற்பது போல நம்மை எதிரே நிற்கச் சொல்பவை. கோயில் மரபிலிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டது பார்வையாளர் நிற்கும் இடத்தை. முதுகை எடுத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 22, தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம்

அம்மாவோடு போனேன். அம்மாவின் ஊர் சீர்காழிப் பக்கம், திருவெண்காடு அங்கிருந்து கிட்டத்தில். அதனால் ரிஷபவாகன தேவரைப் பார்க்க என்னைவிட அம்மாவுக்குத்தான் அவசரம். ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011இல், திருவெண்காட்டுக் கோயிலுக்குக் கொடுக்கப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அடுத்த வருடம் தேவியார். இப்படி ஆண்டு உறுதியாகத் தெரிகிற செப்புத் திருமேனிகள் குறைவு. மற்றவற்றின் காலத்தைக் கணிக்க அறிஞர்கள் இதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

சடையைப் பாம்போடு சேர்த்துத் தலைப்பாகை மாதிரிச் சுருட்டிக் கட்டியிருக்கிறார். ஒரு காலை மற்றதன் குறுக்கே போட்டு, கையை எதன் மேலோ ஊன்றியிருக்கிறார். எதன் மேல்? ரிஷபம் இல்லை.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "மாடு எங்கடி?" என்றார்.

"கிடைக்கலம்மா."

"அப்ப இவரு எவ்ளோ நாளா இப்படியே சாஞ்சிருக்காரு?"

கலை வரலாற்றுக் கட்டுரைகளில் இந்தக் கையின் 'இலகு'வைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், நானும் எழுதியிருக்கிறேன். சாய்ந்துகொள்ள ஒன்று இருந்தது, அது இப்போது இல்லை என்று அம்மாதான் எனக்கு உறைக்க வைத்தார். ஜனவரியில் திருவாசி இல்லாததைப் பார்த்து மகிழ்ந்து எழுதியிருந்தேன். அன்று நான் ரசித்தது சிற்பியின் வேலையையா, தற்செயலாக நடந்த ஒரு இழப்பையா? இரண்டும் கலந்தே இருந்திருக்கிறது. அதைப் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 23, சுவாமிமலை

திரும்பும் வழியில் ஒரு ஸ்தபதியின் பட்டறை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த வாசனை தெருவிலேயே வந்தது. தென்னை ஓலையைக் கீற்றாகக் கிழித்து, மடித்து மடித்து, சிலையின் அளவு அலகான தாளத்தைப் பிரிக்கிறார்கள். மடிப்புதான் அளவு, ஸ்கேல் கிடையாது. மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண் பூசி, காய வைத்து, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை. ஒரு அச்சுக்கு ஒரே சிலை.

பெரியவர் ஒரு அம்மன் மெழுகைக் கையில் வைத்திருந்தார், ஒரு சாண் உயரம் இருக்கும். சூடான கத்தி முனையால் காதோரம் செதுக்கினார், கவிழ்த்தார், பின்னலைத் தொட்டார், மறுபடி திருப்பினார். நான் என் கேள்வியைக் கேட்டேன்: "பின்பக்கம் யார் பார்க்கப்போறாங்கன்னு இவ்வளவு வேலை செய்றீங்க ஐயா?"

நிமிராமலே சொன்னார்: "மெழுகுல ஏதும்மா முன்பக்கம் பின்பக்கம்? கையில உருட்டிக்கிட்டேதான செய்யுறோம். நிக்க வெச்ச பிறகுதான் அதுக்கு முதுகு வருது."

ஒரு மாதமாக நான் பார்ப்பவர் பக்கத்திலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். கல் சிற்பி பாறையை ஒரு பக்கத்திலிருந்து உள்ளே குடைந்து போகலாம், பின்னால் சுவரை விட்டுவிடலாம். மெழுகுக்கு அப்படி ஒரு சுவர் இல்லை.

ஆனால் இது முழுப் பதிலும் இல்லை. கையில் திருப்புவதால் பின்புறம் இருந்தே ஆக வேண்டும், சரி. அது இவ்வளவு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு இது காரணமாகாதே.

மார்ச், மயிலாப்பூர், அறுபத்து மூவர்

மாட வீதியில் மதியத்திலிருந்து நின்றேன். யாரோ கையில் நீர்மோர் டம்ளரைத் திணித்தார்கள். பல்லக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. மாலைக்குள் நாயன்மார்களின் முகமும் கூப்பிய கையும் மட்டும். பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன், பூதான்.

ஜனவரியில் 'போர்த்தி மறைக்கிறார்கள்' என்று எழுதியது இங்கே நிற்கவில்லை. பல்லக்கு ஆடும்போது மாலை ஆடுகிறது, அந்த ஆட்டத்தில்தான் உள்ளே ஓர் உடம்பு இருப்பது தெரிகிறது. தோளில் தூக்கிப் போவதற்காகவே செய்தவை இவை. எழும்பூரில் பீடத்தில் இருந்த துளைகளை அன்று குறிப்பில் 'சேதம்?' என்று எழுதியிருந்தேன். அது தண்டு செருகும் துளை. அடித்துத் திருத்திவிட்டேன்.

இதற்காக, எல்லாவற்றையும் கோயிலுக்கே திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லவும் இன்று என்னால் முடியவில்லை. ஸ்ரீபுரந்தான் நடராஜர் திருடுபோய், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கி, 2014இல் திரும்பி வந்த கதை நமக்குத் தெரியும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த படங்கள் இல்லையென்றால் இப்படிப்பட்ட பல சிலைகளை நம்முடையவை என்று காட்டியிருக்க முடியாது. பூட்டிய கோயில்களின் உற்சவர்கள் இப்போது திருவாரூர் போன்ற பாதுகாப்பு மையங்களில் இருக்கிறார்கள். அங்கே வீதியும் கிடையாது, பார்வையாளரும் கிடையாது. அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு தேட: அந்த ஆவணப் படங்களில் பின்புறம் எத்தனைக்கு எடுத்திருக்கிறார்கள்?

ஏப்ரல் 5, எழும்பூர்

நெறியாளரிடம் ஆய்வுத் தலைப்புக்கு முன்வரைவு கொடுக்க இரண்டு வாரம் இருக்கிறது. குறிப்புகளை எல்லாம் படித்துப் பார்த்தேன். ஒருவரை விட்டுவிட்டேன். பக்தர் பார்ப்பதில்லை, வீதி பார்ப்பதில்லை, ஆனால் அபிஷேகம் செய்யும் குருக்களின் கைக்கு அந்த முதுகு கிடைத்திருக்கிறது. எண்ணெய், பால், சந்தனம், துடைக்கும் துணி, ஆயிரம் வருடம். இந்தச் சிலைகளின் மூக்கும் உதடும் வழவழவென்று தேய்ந்திருப்பது அதனால்தான். அப்படியென்றால் பின்புறமும் அதே அளவுக்குத் தேய்ந்திருக்க வேண்டும். தேயவில்லை என்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

அதே பார்வதியிடம் போனேன். முகத்தில் புருவக் கோடு ஏறக்குறைய இல்லை. பின்னால் சிரசுச் சக்கரத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது, சுருள்களில் கோடுகள் எண்ணும்படி இருக்கின்றன. தோள்பட்டைக்குக் கீழே மட்டும், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, கோடுகள் மங்கி வழுக்கையாக இருக்கிறது. சிலையைத் தூக்கும்போதோ கழுவும்போதோ கை தாங்கும் இடம் அதுதானா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் கையை அதே உயரத்தில் விரித்துப் பார்த்தேன். பொருந்துகிற மாதிரி இருந்தது, ஆனால் என் கை சின்னது.

அடுத்த வாரம் கேட்க வேண்டியவை: பின்புறங்களைக் கண்ணாடி இல்லாமல் பார்க்க எழும்பூரில் யாரிடம் அனுமதி கேட்பது? அம்மாவின் ஊர்க் குருக்கள், உற்சவருக்கு அபிஷேகம் செய்யும்போது இடது கையை எங்கே வைக்கிறார்? புதைந்து கிடந்து தோண்டி எடுத்த சிலைகளில் மண் செய்த தேய்மானத்தைக் கை செய்ததிலிருந்து எப்படிப் பிரிப்பது?

முதுகை வரையத் தொடங்கியபோது மூடும் நேரம் ஆகிவிட்டது. பாதிப் பின்னல் வரைக்கும் வந்திருக்கிறேன்.