புதுமனை புகுவிழா: விருந்துக்கு முன் வரவேற்புரை

அனைவருக்கும் எங்கள் அன்பான வணக்கம்.

எங்கள் புதிய வீட்டுக்கு வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவரையும் என் கணவரும் நானும், பிள்ளைகள் இருவரும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் அத்தையும் மனம் நிறைந்து வரவேற்கிறோம். பக்கத்து வீட்டிலிருந்து பத்தடி நடந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். இரவெல்லாம் பயணம் செய்து விடியற்காலையில் வந்து இறங்கியவர்களும் இருக்கிறீர்கள். சமையல் தயாராகிவிட்டது, பசியோடு இருப்பவர்களை நெடுநேரம் காக்க வைக்கக் கூடாது என்பதை அறிவேன். ஆனாலும் நீங்கள் உட்கார்ந்து கை நனைப்பதற்கு முன், இந்த வீடு எழும்பக் காரணமானவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை நேற்றிரவு ஒரு தாளில் எழுதத் தொடங்கினோம். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் திருப்பிய பிறகும், “அவரை விட்டுவிட்டாயே”, “இவரை எழுதினாயா” என்று வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதை இங்கே வாசித்தால் உணவு ஆறிப்போகும் என்பது ஒருபுறம் இருக்க, எவ்வளவு கவனமாக எழுதினாலும் ஒருவர் பெயராவது விடுபட்டுப் போகும். அப்படி விடுபடுகிறவர் அநேகமாக, செய்ததை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனவராகத்தான் இருப்பார். அதனால் நான் யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. இந்த 14 மாதங்களில் என் கண்ணால் பார்த்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன். எது யாரைப் பற்றியது என்பது உரியவர்களுக்குத் தெரியும்.

முதலில் இதைக் கட்டியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூலி கொடுத்தாயிற்றே, பிறகு நன்றி எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். கூலி அவர்கள் உழைப்புக்கு உரியது, அதைக் கொடுத்தது எங்கள் கடமை. நான் சொல்ல வருவது எந்தக் கூலிக் கணக்கிலும் எழுதப்படாத ஒன்றை.

எங்கள் அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. அடித்தளம் முடிந்து சுவர்கள் இடுப்பளவு எழும்பியிருந்த நாட்களில் ஒரு மாலை அவர் வேலையைப் பார்க்க வந்தார். அடித்தளத்தின் மீது ஏறுவதற்கு ஒரு கையால் முழங்காலையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டார். கொத்தனார் அதைப் பார்த்திருக்கிறார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, மாடிப்படியைக் கொஞ்சம் மாற்றலாமா என்று கேட்டார். தரைத்தளத்திலிருந்து மாடித்தளம் வரை 10 அடி உயரத்தை, படிக்கு ஏழரை அங்குலம் வீதம் 16 படிகளாக வரைபடத்தில் பிரித்திருந்தோம். படிக்கு 6 அங்குலமாகக் குறைத்து 20 படிகள் வைத்தால் அம்மாவால் சிரமமில்லாமல் ஏற முடியும் என்றார் அவர். நடுவில் திரும்பும் படிக்கட்டு என்பதால் ஒவ்வொரு பாதியிலும் இரண்டு படிகள் கூடும், கால் வைக்கும் இடம் 10 அங்குலம் என்றால் மொத்தம் 20 அங்குல நீளம் அதிகம் தேவைப்படும், அதைக் கூடத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும் என்று கணக்கையும் அவரே போட்டுச் சொன்னார். இந்த மாற்றத்தால் அவருக்கு வேலை கூடியதே தவிர வேறு எதுவும் கூடவில்லை. இன்று காலை அத்தை யார் தோளையும் பிடிக்காமல், கைப்பிடியை மட்டும் தொட்டபடி மேலே ஏறிப்போய், மாடி ஜன்னலில் நின்று எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். கூடத்தில் 20 அங்குலம் குறைந்திருப்பதை இதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை.

நீங்கள் சுற்றிப் பார்க்கும்போது சுவர்களும் தரையும் கதவுகளும் கண்ணில் படும். பூச்சுக்குள் மறைந்துபோன வேலை கண்ணில் படாது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் குழாய் பதித்தவர், பூச்சு வேலை தொடங்குவதற்கு முதல் நாள் என்னை அழைத்து, சுவர் சுவராக அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்று, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை அடியில் குழாய் போகிறது என்பது தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். “பத்து வருஷம் கழித்து நீங்கள் ஆணி அடிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன் அம்மா, இந்தப் படம் இருக்கும்” என்றார். மின்கம்பி இழுத்தவர்களும் அதைப் பார்த்துத் தங்கள் பங்குக்கு அப்படியே செய்தார்கள். சித்தாள் வேலைக்கு வந்த அம்மா ஒருவர், தினமும் மாலையில் மண்வெட்டியையும் சட்டிகளையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கடைசியாகத் தெருவில் சிதறிய மணலைக் கூட்டி அள்ளிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார். அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. “பிள்ளைகள் சைக்கிளில் வருகிற பாதை” என்று ஒரு நாள் அவராகவே சொன்னார். தெருவில் ஒரு பிள்ளைகூட மணலில் சறுக்கி விழாததற்கு அவர்தான் காரணம்.

இவர்கள் எல்லோரும் இன்று தங்கள் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். இந்த வீட்டுக்குள் இத்தனை நாள் நின்றபடியே வேலை செய்தவர்கள், இன்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

உறவினர்களைப் பற்றி அதிகம் சொன்னால் நீங்களே கோபித்துக்கொள்வீர்கள். கைமாற்றாகக் கொடுத்துவிட்டு, அதன்பின் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேச்சையே எடுக்காதவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வேலை நடந்த இடத்தில் நாங்கள் இருவரும் இருட்டும் வரை நின்ற நாட்களில், பிள்ளைகளை அழைத்துப் போய்ச் சாப்பிட வைத்து, பாடம் படிக்க வைத்து, தூங்க வைத்தும் அனுப்பியவர்கள் இருக்கிறீர்கள். முதலில் போட்ட வரைபடம் இதைவிடப் பெரியது. சித்தப்பா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “ஒரு அறையைக் குறைத்துக்கொள் அம்மா, கட்டி முடிக்கும்போது கண்ணில் தூக்கமும் மிஞ்ச வேண்டும்” என்றார். அன்று எனக்கு மனம் வருந்தியது உண்மை. கூரை வேலை நடக்கும்போது கையிருப்பு எந்த அளவுக்கு வந்து நின்றது என்பதைப் பார்த்த பிறகு, அவர் சொன்னதைக் கேட்டது எவ்வளவு நல்லது என்று புரிந்தது. உள்ளதை உள்ளபடி சொல்லும் பெரியவர் ஒருவர் குடும்பத்தில் இருப்பது எங்கள் பேறு.

இந்த மனையை வாங்கி வைத்த மாமா இன்று நம்மோடு இல்லை. அவர் மேசை அறையில் இருந்த பழைய அளவு நாடாதான், குழாய் பதித்தவர் எங்கள் சுவர்களின் மீது பிடித்துக்கொண்டு நின்ற நாடா. அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

இனி அக்கம்பக்கத்தவர்களிடம் வருகிறேன். நன்றிக்கு முன்னால் உங்களிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். 14 மாதங்கள் எங்கள் வேலையின் தூசி உங்கள் துணிகளில் படிந்தது. கலவை இயந்திரத்தின் சத்தம் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. வண்டிகள் உங்கள் வாசலை மறித்து நின்றன. எதிர்வீட்டுப் பிள்ளை தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்கூட அவனுடைய பெற்றோர் ஒரு சொல் சொல்லவில்லை. தெரிந்த பிறகு தரைக்கல் வெட்டும் வேலையை அவன் பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு மாற்றினோம். நாங்களே முன்னதாகக் கேட்டிருக்க வேண்டும்.

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட மூன்றாம் நாள் எங்கள் மோட்டார் பழுதாகி நின்றது. கான்கிரீட் காய்ந்துதான் இறுகுகிறது என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது, தொடக்க நாட்களில் ஈரம் விட்டுப்போனால் தளம் வலுவிழக்கும், மேலே வெடிப்பு விழும் என்று கொத்தனார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாத்தி கட்டித் தேக்கியிருந்த தண்ணீர் வெயிலில் வற்றிக்கொண்டிருக்கும் என்ற பதற்றத்தோடு மாலையில் வேலையிலிருந்து ஓடிவந்து மேலே ஏறிப் பார்த்தேன். பாத்திகள் எல்லாம் நிறைந்திருந்தன. அடுத்த வீட்டிலிருந்து சுற்றுச்சுவருக்கு மேலாக ஒரு ரப்பர் குழாய் வந்திருந்தது. சுவரின் விளிம்பில் உரசி அறுந்துவிடாமல் இருக்க, அதற்கு அடியில் ஒரு பழைய துண்டு நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மோட்டார் சரியாகும் வரை, நான்கு நாட்களும் அந்தக் குழாய் அங்கேயே இருந்தது. நன்றி சொல்லப் போனபோது அந்த வீட்டுப் பெரியவர், “தண்ணீர் எங்கள் பக்கம் இருந்தது, தளம் உங்கள் பக்கம் இருந்தது, அவ்வளவுதானே” என்றார். நீங்கள் இப்போது அண்ணாந்து பார்த்தால் தெரிகிற இந்தத் தளம், அந்த நான்கு நாட்கள் உங்கள் வீட்டுத் தண்ணீரில் இறுகியது, ஐயா. அதை எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். அந்தத் துண்டை அத்தை துவைத்து மடித்து எடுத்து வைத்திருக்கிறார். திருப்பித் தர எங்களுக்கு மனம் வரவில்லை என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

நான் சொல்லாமல் விட்டவை நிறைய இருக்கின்றன. உங்களில் யாரைப் பற்றியாவது இங்கே ஒரு வரிகூட வரவில்லை என்றால், அது நேரம் கருதி விட்டது. மனத்திலிருந்து விட்டுப்போனது இல்லை. சாப்பிட்ட பிறகு ஒவ்வொருவரிடமும் நேரில் வந்து பேச நாங்கள் இருவரும் காத்திருக்கிறோம்.

எல்லா அறைகளும் திறந்தே இருக்கின்றன. தயங்காமல் சுற்றிப் பாருங்கள். உணவு கீழே கூடத்திலும் மேலே மாடியிலும் ஒரே நேரத்தில் பரிமாறப்படுகிறது. படி ஏற விரும்பாத பெரியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வந்திருப்பவர்களுக்கும் கூடத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். கட்டுமான வேலை செய்த அன்பர்கள் தயவுசெய்து கடைசியில் உட்காரலாம் என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். முதல் பந்தியில் அத்தைக்குப் பக்கத்து இருக்கைகள் உங்களுக்காகவே இருக்கின்றன, நீங்கள் உட்கார்ந்த பிறகே தான் சாப்பிடுவதாக அவர் சொல்லிவிட்டார்.

எல்லோரும் வாருங்கள், சாப்பிடலாம்.