புதிய கணக்கு ஆசிரியைக்கான முதல் ஆண்டு வழிகாட்டல் திட்டம்

யாருக்கு: இந்த ஆண்டு பணியில் சேர்ந்துள்ள கணக்கு ஆசிரியை (6அ, 6ஆ, 7அ, 6அ-வின் வகுப்பாசிரியை)
வழிகாட்டி: மேல்வகுப்புக் கணக்கு ஆசிரியை
காலம்: கல்வியாண்டின் மூன்று பருவங்களும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மதிப்பெண் போடுவது என் வேலை இல்லை. தகுதிகாண் அறிக்கையைத் தலைமையாசிரியர் எழுதுவார். அதற்காக அவர் உங்கள் வகுப்பைப் பார்ப்பது தனி. நாம் பேசுவதும் நான் எழுதும் குறிப்பும் அவரிடம் போகாது, சந்தித்த தேதி மட்டும் போகும். குழந்தையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதுவானாலும் அன்றே அவரிடம் சொல்லியாக வேண்டும். அது ஒன்றுதான் விதிவிலக்கு. இதை அவரிடமும் பேசி ஒப்புதல் வாங்கியாகிவிட்டது.

இலக்குகள்

நீங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலில் ஒன்பது இருந்தன. மூன்றை மட்டும் வைத்துக்கொள்வோம்.

*1. வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் (முதல் பருவம்).* மணி அடித்து நீங்கள் உள்ளே வரும்போதே கரும்பலகையில் இரண்டு சிறு கணக்குகள் இருக்கும். பிள்ளைகள் உட்கார்ந்ததும் போட ஆரம்பிப்பார்கள். வருகைப்பதிவை அந்த நேரத்தில் முடித்துவிடலாம். ஆறாவது வாரத்துக்குள், நீங்கள் சொல்லாமலே வகுப்பில் பெரும்பாலோர் நோட்டைத் திறந்தால் இந்த இலக்கு முடிந்தது. 6ஆ-வுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும், அந்த வகுப்பை எனக்குத் தெரியும்.

*2. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருத்தல் (முதல், இரண்டாம் பருவம்).* பெரும்பாலான ஆசிரியர்கள் பதிலுக்கு ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை. மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீளமாக வருகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று 1970-களிலேயே மேரி பட் ரோவின் ஆய்வுகள் காட்டின. கேள்வியை முதலில் கேளுங்கள், மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், அப்புறம் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

*3. தவறான விடையிலிருந்து யோசனையைப் படித்தல் (ஆண்டு முழுவதும்).* எனக்கு முக்கியமானது இதுதான். ஒரு பையன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறான். அது கவனக்குறைவு இல்லை. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான், அவனுக்கு அது ஒரு விதி. சிவப்பு மையில் சுழித்து 5/6 என்று எழுதினால் அந்த விதி அப்படியே இருக்கும். “அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?” என்று கேட்டுப் பாருங்கள், 2/5 அரையைவிடச் சிறியது என்பதை அவனே கண்டுபிடிப்பான். ஒவ்வொரு பாடமும் முடிந்ததும், ஒரே மாதிரித் தவறு உள்ள மூன்று நோட்டுகளைக் கொண்டுவாருங்கள். என்ன நினைத்து எழுதினார்கள் என்று சேர்ந்து பார்ப்போம்.

சந்திப்புகள்

புதன்கிழமை ஆறாம் பாடவேளை, 40 நிமிடம், நூலகத்தில். ஆசிரியர் அறை வேண்டாம், அங்கே பேச முடியாது. அந்த வேளையில் நம் இருவருக்கும் மாற்று வகுப்பு போடக்கூடாது என்று கால அட்டவணையில் குறித்தாகிவிட்டது.

| எப்போது | எத்தனை முறை | என்ன |
|---|---|---|
| முதல் 4 வாரம் | வாரம் ஒருமுறை | வகுப்பு நடைமுறை, பாடத்திட்டம், பதிவேடுகள். நீங்கள் என் வகுப்பைப் பார்ப்பது |
| முதல் பருவத்தின் மீதி | இரு வாரத்துக்கு ஒருமுறை | இலக்கு 1, 2; நான் 6ஆ-வைப் பார்ப்பது; பெற்றோர் கூட்டத் தயாரிப்பு |
| இரண்டாம் பருவம் | இரு வாரத்துக்கு ஒருமுறை | இலக்கு 2, 3, வினாத்தாள் தயாரிப்பு, நான் 7அ-வை இருமுறை பார்ப்பது |
| மூன்றாம் பருவம் | மாதம் ஒருமுறை | இலக்கு 3. அடுத்த ஆண்டுக்கான திட்டம் |

முதல் பருவத்தின் நடுவில், நோட்டுகள் குவிந்து தேர்வும் நெருங்கும்போது, “இந்த வேலை நமக்கு ஒத்துவருமா” என்ற எண்ணம் பலருக்கும் வரும். அந்த வாரங்களில் சந்திப்பைத் தள்ளிப்போடத் தோன்றும். தள்ளிப்போடாதீர்கள், வந்து சும்மா உட்கார்ந்தாலும் சரி.

வகுப்பைப் பார்க்கும் முறை

சொல்லாமல் வரமாட்டேன். முந்தைய நாள் பத்து நிமிடம் பேசுவோம். எதைக் கவனிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். நான் இருக்கை வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, யாரிடம் கேள்வி போனது, எவ்வளவு காத்திருந்தீர்கள் என்று மட்டும் குறிப்பேன். வகுப்பு நடுவில் பேசமாட்டேன், பிள்ளைகளை அதட்டவும் மாட்டேன். இரண்டு நாளுக்குள் அந்தத் தாளை வைத்துப் பேசுவோம், முதலில் நீங்கள். தாள் உங்களுடையது.

பெற்றோர் கூட்டத்தில் முதல் தடவை நான் பக்கத்தில் இருப்பேன், பேசுவது நீங்கள்தான். விடுப்பு, சம்பளம், பணிப்பதிவேடு பற்றிய கேள்விகளை அலுவலகத்தில் கேளுங்கள். அதில் என் தகவல் பழசாக இருக்கலாம்.

முதல் பருவ முடிவில் இந்தத் திட்டத்தைத் திரும்பப் பார்ப்போம். எந்த இலக்கும் பொருந்தவில்லை என்றால் மாற்றலாம். வழிகாட்டியை மாற்ற வேண்டும் என்றாலும் தலைமையாசிரியரிடம் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

முதல் சந்திப்பு வரும் புதன். 6அ-வின் இருக்கை வரைபடமும் முதல் இரண்டு வாரப் பாடக்குறிப்பும் கொண்டுவாருங்கள். பாடக்குறிப்பு அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.