நெடுந்தீவில் ஒரு வாளிச் சத்தம்: நாட்குறிப்பிலிருந்து படக்குறிப்பு வரை

எங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழாவில் வைக்கப்படும் ஒளிப்படங்களுள், என் பெறாமகன் நெடுந்தீவில் எடுத்த படம் ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ளங்கை அளவு அட்டை ஒன்றில் குறிப்பு எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று அவனுடன் சென்றவள் நான் என்பதாலும், இரவு வீடு திரும்பியதும் நாட்குறிப்பு எழுதியிருந்தேன் என்பதாலும், அதிலிருந்தே ஒரு குறிப்பை வெட்டித் தரும்படி கேட்டான். நாட்குறிப்பில் இருந்த பதிவை முதலில் முழுமையாகத் தருகிறேன்.

2023 ஓகஸ்ட் 12, சனிக்கிழமை

விடியுமுன் எழுந்து புட்டும் சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்துக்கு வந்தோம். குறிகட்டுவான் பேருந்தில் யன்னலோரம் இடம் கிடைத்தது. பண்ணைப் பாலத்தில் ஏறியபோது இரு புறமும் கடல் வற்றிச் சேறு தெரிந்தது. வேலணை, புங்குடுதீவு என்று ஒவ்வொரு தரிப்பிலும் மரக்கறி மூட்டைகளோடும் எரிவாயுச் சிலிண்டர்களோடும் ஆட்கள் ஏறினார்கள். தீவில் வாழ்பவர்களுக்குப் பட்டினத்துப் பயணம் என்பது சாமான் சுமக்கும் வேலைதான் என்று அப்போதுதான் விளங்கியது. குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் போகும் அடியார்கள் ஒரு பக்கமும், நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் மறு பக்கமுமாக நின்றோம்.

படகுப் பயணம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். காற்று பலமாக இருந்ததால் எல்லோரையும் கீழ்த்தட்டில் இருக்கச் சொன்னார்கள். எனக்கு அருகில் இருந்த பெண் கடலைப் பார்க்காமல் முகத்தை மூடிக்கொண்டே வந்தார். தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். பின்னர் அவராகவே குமுதினியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1985 மே 15ஆம் திகதி இதே கடலில், நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்பட எத்தனையோ பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவருடைய தாயின் தங்கை அந்தப் படகில் இருந்திருக்கிறார். ஒவ்வொரு ஆண்டும் நினைவு நாளில் தாம் தவறாமல் போவதாகச் சொன்னார். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாவலித்துறையில் இறங்கி ஓட்டோ ஒன்றை நாள் முழுவதற்கும் பேசினோம். முதலில் வைத்தியசாலைப் பக்கத்தில் உள்ள ஒல்லாந்தர் காலக் கோட்டை இடிபாடு. அதன் சுவர்கள் முருகைக்கல்லால் ஆனவை, தொட்டால் கையில் சுண்ணாம்புப் பொடி ஒட்டுகிறது. பிறகு புறாக்கூடு. அதன்பின் பெருக்க மரம். அடிமரத்தின் பொந்துக்குள் ஒருவர் நிமிர்ந்து நிற்கலாம். மதியச் சாப்பாட்டை மரநிழலில் முடித்துக்கொண்டு வெடியரசன் கோட்டை என்று சொல்லப்படும் இடத்தைப் பார்த்தோம். குவிந்தா கோபுரத்துக்குப் போக நேரம் போதவில்லை.

குதிரைகளை வெட்டவெளியில் தூரத்திலிருந்துதான் கண்டோம். கிட்டப் போனால் விலகி ஓடின. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை அவை என்று ஓட்டோக்காரத் தம்பி சொன்னார். கோடையில் நீர் இல்லாமல் சில இறந்துபோவதும் உண்டாம். திரும்பும் வழியில், முருகைக்கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கிய மதில்களுக்கு நடுவே, ஒரு வளவில் ஆச்சி ஒருவர் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டு இறங்கினோம். செம்பில் வார்த்துத் தந்தார்; சற்றே உவர்ப்பு, ஆனாலும் குளிர்ச்சி. கிணற்றுக்குப் பக்கத்தில் சீமெந்துத் தொட்டி ஒன்று, அரைவாசிக்கு மேல் வற்றிக் கிடந்தது. ஆச்சி வெறும் வாளியை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் மூன்று தரம் தட்டினார். பனங்கூடலுக்குள் எதுவும் அசையவில்லை. அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்களா என்று நான் கேட்டதற்கு, “கூப்பிட்டா வராதுகள் பிள்ளை. வாளிச் சத்தம் கேட்டாத்தான் வருங்கள்” என்று சொல்லிக்கொண்டு வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். அவர் அள்ளி ஊற்றிய இரண்டாவது வாளித் தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தபோது மதிலுக்கு மேலே இரண்டு காதுகள் தெரிந்தன. பெறாமகன் படம் எடுத்தான். பின்பு ஒரு பெட்டைக் குதிரையும் குட்டியும் இடைவெளி வழியாக வந்து, எங்களைப் பொருட்படுத்தாமல் குடித்தன. குட்டியின் மூக்குவரை நனைந்திருந்தது.

மூன்று மணிப் படகைப் பிடிக்க ஓடினோம். வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. முழங்கால் வலிக்கிறது.

இவ்வளவும் நாட்குறிப்பு. படத்தைப் பார்க்க வருகிறவர் ஒரு நிமிடம்கூட நிற்கமாட்டார். அவருக்கு இதில் எது வேண்டும் என்பதைத்தான் நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

பேருந்து, தரிப்பிடங்கள், ஓட்டோ, புட்டு, முழங்கால் என்பன தயக்கமின்றிப் போயின. இன்று குறிகட்டுவானுக்குப் போகும் எவருக்கும் அதே பாலமும் அதே துறையும்தான் கிடைக்கும். கோட்டை, புறாக்கூடு, பெருக்க மரம் மூன்றையும் நீக்குவது பற்றிப் பெறாமகன் கொஞ்சம் வாதாடினான். “பெரியம்மா, பார்க்கிறவைக்கு நெடுந்தீவில என்ன இருக்கெண்டு தெரிய வேண்டாமோ?” என்றான். தெரியத்தான் வேண்டும், ஆனால் அந்த மூன்றும் அவனுடைய படத்தில் இல்லை. படத்தில் இல்லாத மூன்று இடங்களின் பெயரைக் கீழே எழுதினால், பார்ப்பவரின் கண் படத்தை விட்டுவிட்டுத் தேடத் தொடங்கும்.

குமுதினிப் பகுதியை வெட்டும்போதுதான் என் கை நின்றது. முழுப் பதிவிலும் கனமான பகுதி அதுவே. கனமான ஒன்றை விட்டுவிட்டு வாளியையும் குதிரையையும் பற்றி எழுதுவது சரிதானா என்று ஓர் இரவு முழுவதும் யோசித்தேன். குதிரைக் காதுகளுக்குக் கீழே, அரை வாக்கியத்தில், போகிறபோக்கில் சொல்லப்படும் ஒன்றாக அந்தப் படுகொலை ஆகிவிடக் கூடாது என்பதே கடைசியில் எனக்குப் பட்டது. அந்தப் பெண் என்னிடம் சொன்னதும் ஓர் அட்டையில் ஒட்டுவதற்காக அல்ல. ஆகவே அதை வெட்டினேன் என்பதைவிட, அதற்குரிய தாளுக்கு எடுத்து வைத்தேன் என்பதே பொருத்தம்.

எஞ்சியது கிணற்றடி. அதைச் சுருக்கி முதலில் இப்படி எழுதினேன்:

“வறட்சிக் காலத்தில் தாகத்தால் வாடும் நெடுந்தீவின் புகழ்பெற்ற காட்டுக் குதிரைகளுக்கு, அன்புள்ளம் கொண்ட மூதாட்டி ஒருவர் தம் வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் வழங்குகிறார். ஒல்லாந்தர் காலத்திலிருந்து வாழ்ந்துவரும் இக்குதிரைகள், மதிலுக்கு அப்பால் இருந்து எட்டிப் பார்க்கும் அழகிய காட்சி.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த வளவில் நிற்காத ஒருவரும் இதை எழுதியிருக்கலாம். “அன்புள்ளம்” என்று நான் எழுதியதும் ஆச்சி மறைந்துபோனார். அவர் அன்பாகப் பேசவே இல்லை, வேலையைச் செய்துகொண்டிருந்தார். “அழகிய காட்சி” என்பதைப் பார்ப்பவர் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. ஒல்லாந்தர் வரலாறு வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அநேகமாகத் தெரியும், தெரியாதவருக்கு அலுமாரியில் புத்தகம் இருக்கிறது. எட்டிப் பார்ப்பதோ படத்திலேயே தெரிகிறது.

அப்போதுதான் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தொட்டி இருக்கிறது, ஆச்சியின் கையும் சரிந்த வாளியும் இருக்கின்றன, மதிலும் அதற்கு மேலே இரண்டு காதுகளும் இருக்கின்றன. காதுகள் ஏன் அங்கே வந்தன என்பது மட்டும் இல்லை. அந்தச் சத்தத்தையும், அதன் பின் வந்த காத்திருப்பையும் எந்தக் கமராவும் எடுத்திருக்க முடியாது. அவை என் நாட்குறிப்பில் மட்டும் இருக்கின்றன. ஆகவே காதுகளை முற்றாகப் படத்திடம் விட்டுவிட்டு, சத்தத்தை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன். குட்டியின் நனைந்த மூக்கு எனக்கு மிகவும் பிடித்தது. இருந்தாலும் அது படம் எடுத்த பின் நடந்தது, அதையும் விட்டேன்.

ஆச்சியின் பேச்சை எழுத்து வழக்குக்கு மாற்றலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். “அழைத்தால் அவை வருவதில்லை” என்று எழுதினால் அது யாரோ ஒருவர் சொன்னதாகிவிடுகிறது. “வராதுகள்”, “வருங்கள்” என்று அவர் சொன்னபடியே வைத்தேன். என் கேள்வியை எடுத்துவிட்டேன். கேள்வி இல்லாமலே அந்தப் பதில் நிற்கிறது. ஆச்சியின் பெயரும் அவர் இருக்கும் வட்டாரமும் வேண்டாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம், ஏனென்றால் விழாவுக்கு வருகிறவர்கள் அடுத்த கிழமையே தேடிக்கொண்டு அவருடைய கிணற்றடிக்குப் போய்விடுவார்கள்.

அட்டையில் போகும் குறிப்பு இதுதான்:

ஆச்சி வெறும் வாளியைத் தொட்டியின் விளிம்பில் மூன்று தரம் தட்டினார். பனங்கூடலுக்குள் எதுவும் அசையவில்லை. “கூப்பிட்டா வராதுகள் பிள்ளை. வாளிச் சத்தம் கேட்டாத்தான் வருங்கள்” என்றபடி வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார்.
நெடுந்தீவு, 2023 ஓகஸ்ட்

கடைசி வரியைச் சிறிய எழுத்தில், சற்று இடைவெளி விட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். பெறாமகனின் பெயர் அட்டையின் பின்புறத்தில் போகும். அது அவனுடைய விருப்பம். குமுதினியைப் பற்றிய பகுதியை வாசிகசாலையின் ஆண்டு மலருக்குத் தனிக் கட்டுரையாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தப் பெண்ணைக் கண்டு, அவருடைய சிறிய தாயின் பெயரைப் போடலாமா என்று கேட்க வேண்டும் என்பதால், அடுத்த மாதம் மறுபடி குறிகட்டுவானுக்குப் போகிறோம்.